பச்சை மையில் ஒரு சீட்டு

"வருஷக் கடைசி பார்ட்டி, ராத்திரி எட்டு மணிக்கு, பார்ல" என்று மேலாளர் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்பாடெல்லாம் என் தலையில்தானே விழும்!

"எல்லாருக்கும் ஒத்துவருதான்னு கேட்டுடலாம் சார்" என்று ஒரு பெட்டி வைத்தேன். பெயர் போடாமல் சீட்டு எழுதலாம்.

இருபது பேரில் பதினாறு பேர் குடிப்பதில்லை. ஆறு பேர் சைவம். ஒருத்தருக்கு வேர்க்கடலை ஆகாது. ஒன்பது பேருக்கு மாலை வீட்டில் வேலை. அதில் ஒரு சீட்டு: "எட்டு மணிக்குக் குழந்தையைக் குளிப்பாட்டணும். லேட்டானா வீட்டுக்காரி கொன்னுடுவா. மேலாளர்கிட்ட சொல்லிடாதீங்க."

பச்சை மை. எங்கள் ஆபீசில் பச்சை மையில் எழுதுகிறவர் ஒரே ஒருவர்தான்.

நான் பார்ட்டியை மதியச் சாப்பாடாக மாற்றினேன். மதுச் செலவு போனதில் சைவம், அசைவம், கடலை சேராதது என்று பெயர் ஒட்டிய தட்டுகளும் பழச்சாறும் பட்ஜெட்டுக்குள் அடங்கின.

"பாரை ஏம்மா விட்டுட்டீங்க?" என்று மேலாளர் முறைத்தார்.

"யாரோ ஒருத்தர் குழந்தையைக் குளிப்பாட்டணுமாம் சார்."

"ஐயோ பாவம், யாருன்னு தெரியலையே" என்றபடி, சட்டைப்பையில் எட்டிப்பார்த்த பச்சை மைப் பேனாவை மெல்ல உள்ளே தள்ளினார்.