அலை ஏறி இறங்கும் இடம்

பாம்பூப்ளாட் கடற்கரையில் புதுப் படகுத்துறை கட்டப் பெரிய டெண்டர் விட்டிருந்தார்கள். காண்ட்ராக்டர் உதயசூரியனுக்குக் கரை வேலை தண்ணீர் பட்ட பாடு. கடலில் தூண் இறக்கத்தான் தெரியாது. தெரிந்தவர் சின்னப்பன், டெண்டருக்கு டெண்டர் இவரோடு மல்லுக்கு நிற்பவர். வேறு வழியில்லாமல் உதயசூரியன் மரைன் ஹில் மேட்டில் ஏறி அவர் வீட்டுக்கே போனார்.

“டெண்டரைக் கூட்டா போடுவோம். கரை எனக்கு, கடல் உங்களுக்கு.”

“அச்சா, வேலையைப் பிரிச்சிட்டீரு. பொறுப்பைப் பிரிக்க முடியுமா? ஷரத்தைப் படிச்சீரா? நீரு பாதியில ஓடினா உம்ம வேலையும் என் தலையில. நான் ஓடினா உமக்கும் அதே கதிதான்.”

“படிச்சிட்டுத்தான் வந்தேன்.”

சின்னப்பன் முறைத்தார். “அலை ஏறி இறங்குற இடம்? ஏத்தத்துல கடலு, வத்தத்துல கரை. அது யாரு வேலை?”

“என்னுது. முதல்ல அரிக்கிறது அங்கதான். அதை உங்க தலையில கட்ட மாட்டேன்.”

“அந்தச் சேத்துல நீரு தனியா நின்னா வழுக்கி விழுவீரு, ஓய். ரெண்டு பேர் பேரையும் எழுதும்.”

உள்ளேயிருந்து சின்னப்பன் மனைவி சிசிலியா குரல் கொடுத்தாள்: “ரெண்டு பேரும் சாப்பிட வாங்க. இருக்கிறது ஒரே மீனு. தலை யாருக்கு, வால் யாருக்குன்னு அதுக்கும் டெண்டர் போடாதீங்க.”