தொங்காத பெண்

வெள்ளிமலைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் தனசேகரன், பேச்சுப் போட்டிக்குச் சங்கவியைத் தயார் செய்தார். தலைப்பு 'சுதந்திரம்'.

"'பெண்ட்'னா லத்தீன்ல தொங்கறது. 'டிபெண்ட்' இன்னா? ஒருத்தரைப் புடிச்சித் தொங்கறது. 'இன்டிபெண்டன்ஸ்' இன்னா?"

"யாரையும் புடிச்சித் தொங்காம இருக்கறதுங்க சார்."

மேடைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். அரங்கின் கடைசியில் நிற்பார். காதில் கை வைத்தால் குரலை உயர்த்த வேண்டும். தலையாட்டினால் அடுத்த வரி. அவர் தலையாட்டாமல் சங்கவி வாய் திறக்கக் கூடாது.

கள்ளக்குறிச்சி அரங்கில் எல்லாம் சரியாகத்தான் போனது, பாதிப் பேச்சில் அவர் போன் அடிக்கும் வரை. எடுத்துக் காதில் வைத்தார். சங்கவியின் குரல் கூரையைப் பிளந்தது. ஒன்றும் கேட்கவில்லையென்று அவர் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துத் திரும்பினால், அரங்கில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. சங்கவி மரம்போல் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதறிப்போய்த் தலையாட்டினார்.

"ஐ டிபெண்ட் ஆன் நோ ஒன்!" என்று முழங்கினாள் அவள்.

கைதட்டல் ஓயவே இல்லை. முதல் பரிசு.

கோப்பையைக் கொடுத்த நடுவர் உருகிப் போயிருந்தார். "அந்த வரிக்கு முன்னால ஒரு மௌனம் வச்சியே, அடடா! நீயே யோசிச்சு நிறுத்தினதாம்மா?"

சங்கவி கடைசி வரிசையைப் பார்த்தாள்.

தனசேகரன் தலையாட்டினார்.

"ஆமாங்க," என்றாள்.