ஆறாம் விரலின் நகம்

போத்தனூரில் தையல்கடை வைத்திருந்த அப்துல் குத்தூஸின் வீட்டுப் பூனை பாதுஷாவுக்கு முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஆறு விரல். பதினான்கு வயது. மனைவி ரம்லா இறந்து எட்டு மாதமாக அவருக்கு வீட்டில் துணை அது ஒன்றுதான். ரம்லா போன பிறகு அது வாசலைப் பார்த்தபடியே படுத்துக்கிடந்தது. பிறகு நொண்டத் தொடங்கியது. வயசாகிப்போச்சு என்றுதான் அவர் நினைத்தார்.

ஒரு முன்பாதத்திலிருந்து சீழ் வடிந்ததும் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். மருத்துவர் பிரீத்திகா முடியை விலக்கிக் காட்டினார். கட்டைவிரலை ஒட்டியிருந்த கூடுதல் விரலின் நகம் வளைந்து வளர்ந்து, விரலின் அடிச்சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது; மற்றக் காலில் இன்னும் சதையைத் தொடவில்லை.

இந்த விரல் இருப்பதே நோயா என்று குத்தூஸ் கேட்டார். இல்லை என்றார் மருத்துவர். தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து அந்த மரபணு வந்தாலே போதும், கருவில் பாதம் உருவாகும்போதே விரல் கூடிவிடும்; அப்படிப்பட்ட பூனையின் குட்டிகளில் ஏறக்குறைய பாதிக்கு அது வரும். பெரும்பாலும் தொந்தரவு இருக்காது.

"ஆனா இந்த வெரல் தரையில படாதுங்க பாய். மத்த நகமெல்லாம் நடக்கறப்ப, பிராண்டறப்ப தேயும். இது தேயாதுங்க. ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா பார்த்து, நுனிய மட்டும் வெட்டிவிடோணும். இத்தன நாளா யாரு வெட்டுனாங்க?"

அவருக்குத் தெரியவில்லை. வெளியே வந்து மேட்டுப்பாளையத்தில் இருந்த மகள் அஃப்ராவுக்குப் போன் செய்தார்.

"அம்மாதானுங்க அத்தா வெட்டுவாங்க. வெள்ளிக்கிழமை நீங்க ஜும்ஆவுக்குப் போனப்புறம், மடியில போட்டு வெட்டுவாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

பதிமூன்று வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் நடந்தது. அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே சுவரில் சாய்ந்து நின்றார்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பு வரை புண் போயிருந்தது தெரிந்தது. விரலை எடுத்தாக வேண்டும். சிறுநீரகமும் பலவீனமாக இருந்ததால் மயக்கமருந்து ஆபத்து என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். வலியோடு விட்டுவைக்க குத்தூஸுக்கு மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டார்.

அறுவை முடிந்து பாதுஷா கண் விழித்தது. ஆனால் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் நின்றது. மருந்து ஏற்றியும் பயனில்லை. அன்று மதியம் அவர் கையிலேயே உயிர் போயிற்று.

தென்னை மரத்தடியில் தாமே குழி தோண்டிப் புதைத்தார். அஃப்ரா வந்து, வயதான பூனை, நீங்க என்ன பண்ணுவீங்க என்றாள். அவர் மண்வெட்டியைக் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"உங்கம்மா இன்னும் என்னென்ன செஞ்சாள்னு சொல்லு கண்ணு. எனக்கு ஒண்ணுமே தெரியலை."

அஃப்ரா சொல்ல ஆரம்பித்தாள். பாதியிலேயே அவர் போதும் என்று கையை உயர்த்திவிட்டார்.