முப்பத்தொரு ஆர்டரும் ஒரு துண்டும்

என் முறுக்குக் கடைக்காக ஒரு ரீல் போட்டுவிட்டு, வீட்டுக்காரர் வேந்தன் ஒரு வாரமாகத் தலைகால் புரியாமல் திரிந்தார். ரீலில் மட்டும் சொன்ன ‘கேஜ்10’ தள்ளுபடிக் கோடில் முப்பத்தொரு ஆர்டர்.

“பாத்தியா தாரா, என் மூஞ்சிக்கு இருக்கிற மவுச!”

ரீலின் லிங்க்கைத் தட்டியவர்களோ ஒன்பதே பேர்.

“கோட மட்டும் பாத்துட்டு, நேரா நம்ம கடை வெப்சைட்டுக்கு வந்திருப்பாங்க.”

அப்படியும் நடக்கும். அதனால் ஆர்டரோடு வந்த குறிப்புகளைப் படித்தேன்.

‘ஆர்டர் போட்டாச்சும்மா, நாளைக்கு ஜன்னல் சீட்டு.’

‘ரெண்டு பாக்கெட் வாங்கியிருக்கேன். ரெண்டு சீட்டு.’

இருபத்தெட்டுப் பேர் இதையேதான் எழுதியிருந்தார்கள்.

என் சித்தி பழனியம்மா தினமும் ஊரிகம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறுகிறவள். துண்டு போட்டு ஒரு பெஞ்சையே பிடித்துவைப்பாள். போன் போட்டேன்.

“ஆமாண்டி, நம்ம வேந்தன் சொன்ன கோடுதான். அதப் போட்டு முறுக்கு வாங்கினாத்தான் துண்ட எடுப்பேன்னேன். இன்னா தப்பு?”

வேந்தன் தொண்டையைச் செருமினார். “அப்போ அடுத்த ரீல் இன்னா போடலாம்?”

“ரீல் கெடக்குது. கடைக்குப் போயி பத்து துண்டு வாங்கினு வாங்க.”