முதல் சுற்றிலேயே சொல்லிவிடுகிறவன்

நான் பலகை ஆட்டங்கள் உருவாக்குகிறவள். இந்த ஆட்டத்தில் ஆறு பேர் சேர்ந்து பாலம் கட்டுவார்கள். அவர்களில் இரண்டு பேர் துரோகிகள். யார் யார் என்று அவரவர் சீட்டுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் இருவர் ஆளுக்கொரு கல் அட்டையைக் கவிழ்த்து வைப்பார்கள். கலக்கித் திறந்ததும் அதில் விரிசல் கல் இருந்தால், இருவரில் ஒருவராவது துரோகி. நல்லவர்களிடம் விரிசல் கல்லே கிடையாது. துரோகியோ நல்ல கல்லையும் வைத்து நடிக்கலாம். இரண்டு துரோகிகளையும் சேர்த்துச் சரியாகச் சொன்னவர் ஜெயித்தார். குருட்டாம்போக்கில் சொன்னால் பத்துக்கு ஒரு தடவைதான் பலிக்கும்.

சோதனைக்காக ஆடிப் பார்த்தபோது என் தம்பிக்குப் பத்துக்கு ஏழு தடவை பலித்தது, அதுவும் முதல் சுற்றிலேயே. வீட்டில் அவனுக்கு மோப்பம் என்றே பெயர். யார் சீட்டைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கவனிப்பான். ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும், மற்றவர்கள் பேந்தப் பேந்த விழிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தப்பாகச் சொன்னால் ஓட்டு, அதாவது மறுபடி துரோகி யார் என்று சொல்லும் உரிமை, போகும் என்றுதான் முதலில் விதி வைத்திருந்தேன். அவன் அசரவில்லை. தப்பாகச் சொன்னவர் ஆட்டத்தைவிட்டே வெளியேற வேண்டும் என்று மாற்றினேன். அதற்கும் அசரவில்லை. முதல் மூன்று சுற்றுக் கற்களைத் திறக்கவே கூடாது, மூன்றாம் சுற்று முடிந்ததும் மொத்தமாகத் திறக்கலாம் என்றேன். கல்லைப் பார்த்தா அவன் கண்டுபிடித்தான், முகத்தைப் பார்த்தல்லவா?

கடைசியில் சொல்லிவிட்டேன். "நீ இனிமே சோதனைக்கு வராதடா. உன்னால என் கணக்கே கெட்டுப்போகுது."

"சரிக்கா," என்றான். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன்.

அவன் இல்லாமல் நான்கு ஆட்டம் நடந்தது. யாரும் முதல் சுற்றில் வாயைத் திறக்கவில்லை. "அமைதி. நன்று" என்று தாளில் எழுதினேன். ஐந்தாவதற்குள் அவனுக்குக் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டான்.

ஆட்டத்தைப் பதிப்பாளர் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் முன்பின் தெரியாத ஆறு பேரை உட்காரவைத்து ஆடச் சொன்னார். நான் மூலையில் இருந்தேன். மூன்று சுற்று வரைக்கும் ஒருவரும் பேசவில்லை. ஒருவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் சுற்று முடிந்து எல்லாக் கல்லும் ஒரேயடியாகத் திறந்ததும் நாலு பேர் ஒரே நேரத்தில் ஒரே விடையைச் சொன்னார்கள். அவ்வளவுதான் ஆட்டம்.

"முதல்ல ஒண்ணுமே தெரியலை, அப்புறம் எல்லாமே தெரிஞ்சுடுது," என்றார் பதிப்பாளர் அம்மா. "ஊகிக்கறதுக்குக் கையில எதுவும் இல்ல, தப்பானா ஆளே வெளிய. யாரு வாயைத் திறப்பா? இவ்வளவு கடுமை யாருக்காக வச்சீங்க?"

"ஆட்டத்துக்காகத்தான்."

"இல்லைங்க. யாரோ ஒருத்தருக்காக வச்ச மாதிரி இருக்கு."

அந்த விதிகளை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. ஒவ்வொன்றும் அவனோடு மல்லுக்கட்டி எழுதியது. அவற்றை எடுத்தால் அந்த ஆட்டத்தில் அவன் இருந்ததற்கு அடையாளமே இருக்காது.

வீட்டுக்கு வந்து முப்பத்தொரு சோதனைத் தாள்களையும் விரித்தேன். இருபத்தேழில் அவன் இருந்தான். ஒரே மேசையில் ஒரே ஆளை வைத்துக்கொண்டு உலகத்துக்கே விதி எழுதியிருக்கிறேன். புத்திசாலி என்று பெயர் வேறு. மீதி நான்கில் நான் நன்று என்று எழுதிய அமைதி, பயந்துபோனவர்களின் அமைதி. அவன் வராமலிருந்து எனக்கு ஒரு பயனும் இல்லை. வந்திருக்கலாம். அந்த நான்கு சாயங்காலமும் வந்திருக்கலாம்.

அவன் ஆடிய இருபத்தேழு தாளையும் கணக்கில் சேர்க்காமல் தனியே எடுத்து வைத்தேன். ஒவ்வொரு சுற்றின் கல்லும் அந்தச் சுற்றிலேயே திறக்கும் என்று மாற்றினேன். தப்பாகச் சொன்னால் பழையபடி ஓட்டு மட்டும் போகும். சீக்கிரம் சரியாகச் சொன்னால் புள்ளி அதிகம்.

புதிய ஆட்களோடு பன்னிரண்டு முறை ஆடிப் பார்த்தோம். ஒரு தையற்காரம்மா முதல் சுற்றிலேயே துணிந்து கையை நீட்டித் தோற்றார். ஓட்டில்லாமலே கடைசிவரை எல்லோரையும் குழப்பிக்கொண்டிருந்தார். துரோகிகள் பெரும்பாலும் நான்காம் சுற்றில்தான் பிடிபட்டார்கள். இத்தனை நாள் நான் கேட்ட ஆட்டம் இதுதான். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பதிப்பாளர் அம்மா ஒரு படிவம் தந்தார். "சோதிச்சவங்க பேர் பெட்டிக்குப் பின்னால வரும். பக்கத்துல அவங்க ஆடினதுல எத்தனை கணக்குல சேர்ந்ததுன்னும் போட்டுடுங்க."

முதல் வரியில் தம்பியின் பெயரை எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.