மாமனார் சுற்றிவிட்ட விசிறி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், குடியிருப்போர் சங்கத் தலைவரும், ஓய்வுபெற்ற நிர்வாக அதிகாரியும், பேச அழைக்காத கூட்டத்திலும் நன்றியுரை ஆற்றவல்லவருமான ஒரு பெரிய மனிதர், ஒரு மத்தியான வேளையில், தம் வீட்டுப் பின்பால்கனியில், நின்றுபோயிருந்த ஏசி விசிறியை ஒட்டடைக்கம்பால் சுற்ற வைத்தார். உலகம் இதன் முக்கியத்துவத்தை இன்னும் உணரவில்லை.

அந்த ஏசி, பின் அறையுடையது. பின் அறை, மருமகளுடையது. அங்கேதான் அவள் ஆர்டர் பிடித்து கேக் செய்கிறாள். தலைவருக்கு அந்த அறைமேல் ரொம்ப நாளாகக் கண். சங்க அலுவலகம் அங்கே வந்தால் மேஜைக்கு எந்தப் பக்கம் நாற்காலி போடுவது என்பதுவரை மனதுக்குள் முடிவாகியிருந்தது. காலையில் மூன்றடுக்கு கேக்குக்குக் கிரீம் பூசிக்கொண்டிருந்தவளிடம் வந்து நின்று, தீர்ப்பு வாசிக்கிற குரலில் சொன்னார்:

“இந்த ஆர்டர் சொதப்பினா, இதோட மூட்டை கட்டிடணும். ரூம் சங்கத்துக்கு.”

“சரிங்க மாமா. சொதப்பலேன்னா?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. “சொதப்பலேன்னா நீயே வெச்சுக்கோ” என்றார், பெருந்தன்மையாக.

மாமியார் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “நான் சாட்சி” என்றார்.

கேக்கை வாங்க ஆள் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. பூசியிருந்தது வெண்ணெய்க் கிரீம். அறை குளிர்ந்திருக்கும்வரை அது கேக், இல்லாவிட்டால் குழம்பு.

மத்தியானம் அறையில் புழுக்கம் தட்டியது. மருமகள் பால்கனிக்குப் போய்ப் பார்த்தாள். வெளியே நின்ற யூனிட் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டிருந்தது; உள்ளே விசிறி மட்டும் அசையவில்லை.

“மெக்கானிக்கைக் கூப்பிடறேன்” என்றாள்.

“எந்த மெக்கானிக்கும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது” என்றார் தலைவர். போன தடவை வந்தவர், ஏணியைப் பிடித்துக்கொண்டு ஆலோசனை வழங்கிய இவரைப் பார்த்து, “பெருசு, கொஞ்சம் தள்ளு” என்று சொல்லியிருந்தார். அந்தத் ‘தள்ளு’ இன்னும் ஆறவில்லை.

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் சோபாவில் நடுநிலை வகித்துக்கொண்டிருந்தான்.

தலைவர் ஒட்டடைக்கம்பை எடுத்தார். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் யூனிட்டின் கம்பி வலைக்குள் அதை நுழைத்து இறக்கையை ஒரு தள்ளு தள்ளினார். ஓடுகிற இறக்கையில் கம்பு மாட்டினால் கம்பும் போகும், கையும் போகும் என்று யோசிக்கிறவர்கள் தலைவராக முடியாது. விசிறி தயங்கி, நகர்ந்து, வேகம் பிடித்துச் சுற்றியது. உறுமல் அடங்கியது.

“பாத்தியா? எல்லாத்துக்கும் ஒரு உந்துசக்தி வேணும். மனுஷனுக்கும் சரி, மெஷினுக்கும் சரி.”

பக்கத்து பால்கனியிலிருந்து சங்கச் செயலாளர் கைதட்டினார். தலைவர் கம்பைச் செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆனால் அறை குளிரவில்லை. கேக்கின் கீழடுக்கில் பூசிய கிரீம் பளபளக்க ஆரம்பித்தது. உருகப்போகிற கிரீமின் முதல் அறிகுறி அது.

“நீ சும்மா சும்மா கதவைத் திறந்தா எப்படிக் குளிரும்?” என்றார் தலைவர்.

“மூடித்தான் மாமா இருக்கு.”

“அப்ப கேக் வேகற ஓவனைத் திறந்ததுனால வந்த சூடு.”

“ஓவன் எங்கயோ சமையக்கட்டுல இருக்கு மாமா. அதுக்கும் இந்த ரூமுக்கும் சம்பந்தமில்ல.”

அவள் மறுபடி பால்கனிக்குப் போனாள். விசிறி நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்த வலைக்கு முன்னால் நின்றால் அனல் காற்று முகத்தில் அடிக்கும். துணி காயப்போட அவள் தேர்ந்தெடுத்த இடமே அதுதான். இப்போது அனலே இல்லை. கையிலிருந்த பட்டர் பேப்பர்த் துண்டை வலைக்கு எதிரே நீட்டினாள். பறந்து விலக வேண்டிய காகிதம், வலையில் போய் ஒட்டிக்கொண்டது.

அவள் நேராகப் போய் அந்த ஏசியின் பிரேக்கர் சுவிட்சை இறக்கினாள்.

“யாரைக் கேட்டு அணைச்சே?” என்றார் தலைவர்.

“காத்து உள்ள இழுக்குது மாமா. நீங்க தலைகீழா சுத்திவிட்டிருக்கீங்க.”

“விசிறின்னா சுத்தணும். சுத்துது. அதுல தலையென்ன கீழென்ன?”

“இப்ப மெக்கானிக் வருவாரு. வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னா உங்க பிள்ளைய விட்டுத் தூக்கிட்டு வரச் சொல்றேன்.”

“என் வார்த்தைக்கு இந்த வீட்டுல மதிப்பில்லையா?”

மாமியார் கீரை ஆய்ந்துகொண்டே, “இருக்குங்க. கேக் போனப்புறம் மதிக்கிறோம்” என்றார்.

தலைவர் வாசலை மறித்து நின்றார். மெக்கானிக் வந்தபோது மருமகள் மாமனாருக்கும் கதவு நிலைக்கும் நடுவே கையை நீட்டி இடம் பண்ணி, “இப்படி வாங்கண்ணே” என்றாள். அவள் குரல் உயரவில்லை. கை மட்டும் இறங்கவில்லை. மெக்கானிக் பெரியவரைப் பார்த்தார்.

“பெருசு, நீங்களா?”

தலைவர் தள்ளிக்கொண்டார்.

மெக்கானிக் அடக்கமானவர் அல்ல. ஊரில் தன்னைவிட்டால் ஆளில்லை என்பதைப் படியேறும்போதே இருமுறை சொல்லியிருந்தார். பிரேக்கர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியைக் கழற்றினார். விசிறியை விரலால் தட்டினார்; சிக்கலில்லாமல் சுழன்றது. “பேரிங் நல்லாத்தான் இருக்கு.” பிறகு விசிறி மோட்டாரின் கெப்பாசிட்டர் என்ற சின்ன டப்பாவைக் காட்டினார். அதன் மேல்பக்கம் வீங்கியிருந்தது. அதன் இரண்டு முனைகளிலும் ஒரு பல்பின் ஒயர்களை வைத்து, உள்ளே மின்சாரம் மிச்சமிருந்தால் இறங்கட்டும் என்று காத்திருந்து, கழற்றி, மீட்டரில் வைத்தார். மீட்டர் ஒன்றும் சொல்லவில்லை.

“செத்துடுச்சும்மா. மோட்டார் எந்தப் பக்கம் கிளம்பணும்னு சொல்றதே இதுதான். இது இல்லேன்னா உறுமிட்டு நிக்கும். வெளியேருந்து தள்ளிவிட்டா, தள்ளின பக்கமே ஓடும். யாராவது தள்ளினீங்களா?”

எல்லாரும் ஒட்டடைக்கம்பைப் பார்த்தார்கள். அது தலைவர் கையில் இருந்தது.

“பின்பக்கம் இருக்கிற காயில் குழாய்லேருந்து சூட்டை இழுத்து முன்னால தள்ளணும். இது திருப்பிச் சுவத்துல அடிச்சிருக்கு. நீங்க அணைக்கலேன்னா கம்ப்ரஸர் கொதிச்சுத் தானா நின்னிருக்கும். அப்படியே விட்டிருந்தா அதுவும் போயிருக்கும்.”

அதே அளவில் புதியதைப் பொருத்தி, மூடியைப் போட்டு, பிரேக்கரை ஏற்றச் சொன்னார். சற்றுப் பொறுத்து யூனிட் கிளம்பியது. யாரும் தள்ளாமல் விசிறி சுற்றியது. மருமகள் மறுபடி வலைக்கு எதிரே நீட்டிய காகிதம் பறந்துபோய்த் தலைவர் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அனல் காற்று அவர் முகத்தில் அடித்தது.

மருமகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கீழடுக்கில் லேசாகச் சரிந்திருந்த கிரீமைச் சுரண்டி எடுத்து, அறை குளிர்ந்தபின் மறுபடி பூசினாள். கதவைத் தட்டிய தலைவரிடம், “உள்ள வராதீங்க மாமா, சூடு வரும்” என்றாள்.

சாயங்காலம் ஆள் வந்து கேக்கை எடுத்துப் போனார். அது நேராக நின்றது. மருமகள் பின் அறைச் சாவியைத் தன் வளையத்தில் கோத்துக்கொண்டு, தலைவர் முன்னால் வந்து நின்றாள்.

“ரூம் என்னோடது மாமா. அத்தை சாட்சி.”

“நான் ஆரம்பத்துல சுத்திவிட்டதாலதான் அவ்வளவு நேரம் தாங்குச்சு” என்றார் தலைவர்.

“அந்தப் பெருமை உங்களுக்கே இருக்கட்டும். சாவி எனக்கு.”

புருஷன் சோபாவிலிருந்து எழுந்து, தான் ஆரம்பம் முதலே அவள் பக்கம்தான் என்று அறிவித்தான். அது பதிவு செய்யப்படவில்லை. மாமியார் ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு போனார். தலைவர் கீழே கேட்டருகே இறங்கி, ஏசி இயந்திரங்களில் காற்றின் திசை பற்றி செயலாளருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

கேக் சுமார்தான் என்று சாப்பிட்டவர்கள் சொன்னார்கள்.