கூலிக்குத் தக்கன வாடகை

அர்த்தநாரியின் வலது மணிக்கட்டு இரவும் பகலும் வலியில் தெறித்தது. சாரத்திலிருந்து விழுந்த பிறகு அவனால் சுவர் பூசும் கரணை பிடிக்க முடியவில்லை. நாளுக்கு ஒரு ரூபாய் வாங்கிய கொத்தனார், இப்போது சுவருக்குத் தண்ணீர் தெளித்து நாலணா வாங்கினான்.

செவ்வாய்ப்பேட்டையில் அவனும் மண் சுமக்கும் கந்தனும் ஒரே அறையில் இருந்தார்கள். மாத வாடகை மூன்று ரூபாய். கூலிக்குத் தக்கபடி பங்கு என்று பேச்சு. அர்த்தநாரி இரண்டு கொடுத்தான். எட்டணாக் கூலிக்காரன் கந்தன் ஒன்று. சீமெண்ணெய்க்கும் விறகுக்கும் அதே கணக்குதான்.

“இந்த மாசம் நீ ரெண்டு குடு சாமி. நான் ஒண்ணு தாரேன்,” என்றான் அர்த்தநாரி.

“அதெப்படிங்கண்ணா? ரெண்டு உங்களுதுதானுங்களே?”

“கூலிக்குத் தக்கனன்னுதானே பேச்சு? இப்ப என் கூலியாட்டம் ரெண்டு பங்கு நீ வாங்கற.”

“கொத்தனாரா இருந்தப்ப பெரிய மனசு. இப்பத்தான் கணக்கு வருதாக்கும்?”

“அன்னைக்கும் கணக்குதான்டா. உனக்குத்தான் அது மனசாட்டத் தெரிஞ்சுது.”

கந்தனுக்குப் புரிந்தது. ஆனால் தங்கை கல்யாணக் கடனுக்கு ராசிபுரத்துக்குப் பணம் போயாக வேண்டும். ஒரு ரூபாயை மட்டும் பாயில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

சாயங்காலம் வீட்டுக்காரி ஜானகியம்மாள், வாடகை முழுக்க வந்துவிட்டது என்றாள். அறையில் கரணையும் மட்டப்பலகையும் இல்லை.

“வித்துப்போட்டீங்களா?”

“இனி எதுக்கு?” என்று அர்த்தநாரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

அந்த மாதக் கணக்கில் கந்தன் அவனுக்கு ஒரு ரூபாய் தர வேண்டும். இன்னும் தரவில்லை.